அறுபது சென்ட் என்றால் அறுபது சதவீதமா?

நிகழ்வு ஒப்பந்தம் ஒரே ஒரு கேள்வியின் மீது எழுதப்படுகிறது. கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற இரண்டு விடைகள்தான் இருக்க முடியும். விடை தெரியும் நாளும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். ‘ஆம்’ ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு, அந்த நிகழ்வு நடந்தால் ஒரு டாலர் கிடைக்கும். நடக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது. ‘இல்லை’ ஒப்பந்தத்துக்கு இதற்கு நேர்மாறு. இத்தகைய ஒப்பந்தங்கள் கைமாறும் இடம்தான் கணிப்புச் சந்தை. ‘ஆம்’ ஒப்பந்தம் 60 சென்ட்டுக்கு விற்றால், அந்த நிகழ்வுக்கு 60 சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சந்தை கருதுகிறது என்று செய்திகளில் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அந்த வாசிப்பு தவறாகப் போவதில்லை. ஆனால் அந்த 60 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான், எப்போது அதை நம்பலாம், எப்போது கூடாது என்பது புரியும்.

தேர்தல் முடிவின் மீது பணம் கட்டுவது புதிய வழக்கம் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940 வரை நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டை ஒட்டி அமெரிக்க அதிபர் தேர்தல் பந்தயம் பகிரங்கமாக நடந்தது. அங்கு நிலவிய விகிதங்களை நாளிதழ்கள் வெளியிட்டன. இன்றைய வடிவத்துக்கு முன்னோடி 1988-இல் அயோவா பல்கலைக்கழகப் பொருளியல் ஆசிரியர்கள் தொடங்கிய சந்தை. புஷ், டுகாகிஸ் போட்டியிட்ட அந்தத் தேர்தலில் ஆராய்ச்சிக்காக உருவான அந்தச் சந்தையில் ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாது. இன்று பெரிதாகப் பேசப்படுபவை கால்ஷி, பாலிமார்க்கெட் என்ற இரண்டு தளங்கள். கால்ஷிக்கு 2020-இல் அமெரிக்கச் சரக்கு முன்பேர வணிக ஆணையம் முறையான சந்தையாக அனுமதி தந்தது. அதே ஆண்டு தோன்றிய பாலிமார்க்கெட், கிரிப்டோ நாணயத்தில் இயங்கும் தளம்.

வழக்கமான பந்தயத்திலிருந்து இது எங்கே பிரிகிறது என்பதற்கு, விலையை யார் சொல்கிறார், எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார் என்ற இரண்டு கேள்விகள் போதும். பந்தயத்தில் இரண்டுக்கும் விடை புக்கிதான். சட்டப்படி பந்தயம் நடக்கும் பிரிட்டனில் ஒரு டென்னிஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் வீரர் வென்றால் ஒரு பவுண்டுக்கு 1.80 பவுண்டு, இரண்டாமவர் வென்றால் 2 பவுண்டு என்று புக்கி விகிதம் அறிவிக்கிறார். ஒன்றை 1.80-ஆல் வகுத்தால் 55.6 சதவீதம், 2-ஆல் வகுத்தால் 50 சதவீதம். ஆட்டத்தில் யாராவது ஒருவர்தான் வெல்ல முடியும், எனவே இரண்டும் சேர்ந்து 100 ஆக வேண்டும். இங்கோ 105.6 ஆகிறது. அந்த 5.6-இல்தான் புக்கியின் பிழைப்பு இருக்கிறது. முதல் வீரர் மேல் 5,556 பவுண்டும் இரண்டாமவர் மேல் 5,000 பவுண்டும் வந்து சேர்ந்தால், யார் வென்றாலும் அவர் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 10,000. மீதி 556 அவருடையது.

பணம் எப்போதும் இப்படிச் சமமாக வந்து விழாது. ஒரு பக்கம் அதிகம் குவிந்தால் புக்கி அந்தப் பக்கத்து விகிதத்தைக் குறைத்து மறுபக்கத்தைக் கவர்ச்சியாக்குகிறார். அதோடு, யார் கட்டுகிறார் என்பதையும் அவர் பார்க்கிறார். தொடர்ந்து வெல்லும் ஆள் பணம் போட்டால், அதைத் தகவலாக எடுத்துக்கொண்டு விகிதத்தை மாற்றுவார். பிறகு அந்த ஆள் கட்டக்கூடிய தொகைக்கு வரம்பு வைப்பார், சில வேளைகளில் கணக்கையே மூடிவிடுவார். நன்றாகக் கணிக்கத் தெரிந்தவரை வெளியே தள்ளுவது அந்தத் தொழிலின் இயல்பு, ஏனெனில் அவர் வெல்லும் ஒவ்வொரு பவுண்டும் புக்கியின் கையிலிருந்து போகிறது.

குதிரைப் பந்தயத்தின் ‘டோட்’ முறை வேறு மாதிரி. பாரிஸில் ஜோசப் ஓலர் 1860-களில் உருவாக்கிய அந்த முறையில் எல்லோர் பணமும் ஒரே குவியலில் சேரும். நடத்துபவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை வென்ற குதிரையில் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். இங்கே எதிரே நிற்பவர் புக்கி அல்ல, மற்ற பந்தயக்காரர்கள். ஆனால் சன்னல் மூடும்வரை தன் சீட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் அதை விற்றுவிட்டு வெளியேறவும் வழியில்லை.

கணிப்புச் சந்தையில் விலை சொல்லும் நடுவர் கிடையாது. வருகிற ஆர்டர்களின் பட்டியலிலிருந்து விலை பிறக்கிறது. கால்ஷியில் அன்றாடம் நடக்கும் வானிலை ஒப்பந்தங்களின் பாணியில் ஒரு கணக்கைப் படிப்படியாகப் பார்க்கலாம். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் நாளைய அதிகபட்ச வெப்பநிலை 90 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 32 டிகிரி செல்சியஸை, எட்டுமா என்பது கேள்வி.

ஒருவர் 100 ‘ஆம்’ ஒப்பந்தங்களை 60 சென்ட்டுக்கு வாங்கத் தயார் என்று ஆர்டர் போடுகிறார். வேறொருவர் 100 ‘இல்லை’ ஒப்பந்தங்களை 40 சென்ட்டுக்குக் கேட்கிறார். அறுபதும் நாற்பதும் சேர்ந்தால் ஒரு டாலர். சந்தை அந்த இரண்டு ஆர்டர்களையும் சேர்த்து, முன்பு இல்லாத 100 ஜோடி ஒப்பந்தங்களை அந்தக் கணத்தில் உண்டாக்குகிறது. இருவரும் போட்ட 100 டாலர் பூட்டி வைக்கப்படும்; நாளை யார் கணிப்பு சரியோ அவருக்கு முழுத்தொகையும் போகும். சந்தை நடத்துபவர் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. 90 டிகிரி வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு லாபமோ நட்டமோ இல்லை. கட்டணம் மட்டும் கிடைக்கும். அதனால்தான் தொடர்ந்து வெல்பவரை விரட்ட அவருக்குக் காரணமில்லை. அந்த ஆள் வந்தால் ஆர்டர்கள் கூடும், கட்டணமும் கூடும்.

இந்தச் சேர்க்கையிலிருந்து ஒரு முக்கியமான விளைவு வருகிறது. ‘இல்லை’யை 37 சென்ட்டுக்கு வாங்கக் காத்திருப்பவரும், ‘ஆம்’-ஐ 63 சென்ட்டுக்கு விற்கக் காத்திருப்பவரும் ஒன்றே. எனவே இரண்டு விதமான ஆர்டர்களையும் ஒரே பட்டியலாக எழுதலாம். நம் எடுத்துக்காட்டில் அதிகாலையில் பட்டியல் இப்படி இருக்கட்டும்: ‘ஆம்’ வாங்க 60 சென்ட்டில் 300 ஒப்பந்தங்களுக்கு ஆள் இருக்கிறது. விற்க, 63-இல் 200, 64-இல் 400, 66-இல் 1,000 நிற்கின்றன. இப்போது விலை 60-ஆ, 63-ஆ என்று கேட்டால் இரண்டும் இல்லை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே மூன்று சென்ட் இடைவெளி இருக்கிறது. தளத்தின் திரையில் பெரிய எழுத்தில் தெரியும் ‘சதவீதம்’ பெரும்பாலும் அந்த இடைவெளியின் நடுப்புள்ளியாகவோ, கடைசியாக நடந்த விற்பனையின் விலையாகவோ இருக்கும். இடைவெளி ஒரு சென்ட்டாக இருந்தால் அந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் உண்டு. வாங்க ஆள் 40-இலும் விற்க ஆள் 70-இலும் நின்றால், திரையில் தெரியும் 55-க்குப் பின்னால் யாருடைய தீர்மானமும் இல்லை. கணிப்புச் சந்தை விலையைப் படிக்க விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியை. அடுத்து, ஒவ்வொரு விலையிலும் எத்தனை ஒப்பந்தங்கள் காத்திருக்கின்றன என்பதை.

காலையில் புதிய வானிலை முன்னறிவிப்பு வருகிறது. அதைப் படித்த ஒருவர் வாய்ப்பு 75 சதவீதம் என்று கணித்து, 500 ‘ஆம்’ வாங்குகிறார். 63 சென்ட்டில் 200 கிடைக்கிறது. மீதி 300-ஐ 64-இல் எடுக்கிறார். மொத்தம் 318 டாலர். கடைசி விற்பனை 64 சென்ட். விலை இதற்குள் நகர்ந்துவிட்டது, ஆனால் அவர் நினைக்கும் 75-க்கு இன்னும் வரவில்லை. ஒருவர் கைக்காசு அவ்வளவு தூரம்தான் தள்ளும். அடுத்து நடப்பதுதான் விலையை உண்மையில் மேலே கொண்டுபோகிறது. 64-இலும் 66-இலும் விற்கக் காத்திருந்தவர்கள், யாரோ அவசரமாக அள்ளுவதைக் கண்டு தங்கள் ஆர்டர்களைத் திரும்பப் பெறுகிறார்கள். அவர்களில் பலர் இரண்டு பக்கமும் விலை சொல்லி அந்த இடைவெளியில் சம்பாதிக்கும் வணிக நிறுவனங்கள். தமக்குத் தெரியாத ஒன்று வாங்குபவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அவர்களுடைய பெரிய பயம். சில நொடிகளில் பட்டியல் 71-க்கும் 74-க்கும் இடையே புதிதாக அமைந்துவிடலாம். செய்தியைப் படித்தவர் சிலரே, ஆனால் விலை மாறியதில் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது.

நண்பகலில் வெயில் ஏறி, ‘ஆம்’ 80 சென்ட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஆள் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 500-ஐயும் 80-க்கு விற்று 400 டாலர் பெறலாம். 82 டாலர் மிச்சம். கட்டணத்தை மறக்கக்கூடாது. கால்ஷி பல ஒப்பந்தங்களுக்கு வெளியிட்டுள்ள விதிப்படி, கட்டணம் கீழ்க்காணும் சூத்திரத்தில் வருகிறது. இதில் C ஒப்பந்தங்களின் எண்ணிக்கை, P டாலரில் விலை.

```
0.07 × C × P × (1 − P)
```

வாங்கும்போது சுமார் 8 டாலரும் விற்கும்போது சுமார் 5.60 டாலரும் போக, கையில் நிற்பது 68 டாலரைச் சற்றுத் தாண்டும். விலை 50 சென்ட்டை ஒட்டி இருக்கும்போது கட்டணம் அதிகபட்சமாக இருப்பதையும் இந்தச் சூத்திரம் காட்டுகிறது. நடுவிலேயே விற்று வெளியேறும் வசதியை இன்று புக்கிகளும் தருகிறார்கள். ஆனால் அங்கே வெளியேறும் விலையையும் புக்கியே சொல்கிறார்.

விலைகளை ஒழுங்கில் வைத்திருக்கும் இன்னொரு விசையும் உண்டு. ஏதோ காரணத்தால் ‘ஆம்’ 58 சென்ட்டுக்கும் ‘இல்லை’ 40 சென்ட்டுக்கும் கிடைத்தால், இரண்டையும் 98 சென்ட்டுக்கு வாங்கிவிடலாம். வெயில் எப்படி இருந்தாலும் ஒரு டாலர் நிச்சயம். இத்தகைய வாய்ப்புகளைத் தேடும் கணினி நிரல்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதால், கட்டணத்தைத் தாண்டிய பிளவு ஒரே தளத்துக்குள் நீடிப்பதில்லை.

இப்படிப் பிறக்கும் விலை நிகழ்தகவுதானா? ஒரு கூட்டத்தினர் வாய்ப்பு 70 சதவீதம் என்றும் இன்னொரு கூட்டத்தினர் 50 என்றும் நம்புகிறார்கள் என்று கொள்வோம். இரு தரப்பிடமும் சம அளவு பணம் இருந்து, தம் பணத்துக்கு ஏற்ற நிதானத்தோடு வாங்கினால், விலை 60-ஐ ஒட்டி நிற்கும். இரண்டாம் கூட்டத்திடம் மூன்று மடங்கு பணம் இருந்தால் விலை 55-க்கு இறங்கும். வெப்பநிலையைப் பற்றிய தகவல் எதுவும் மாறவில்லை. பணம் யாரிடம் இருக்கிறது என்பது மட்டுமே மாறியது. ஆகவே விலை என்பது பணத்தால் எடை போடப்பட்ட கருத்துகளின் சராசரி. பணமும் சரியான தகவலும் ஒரே கையில் இருக்கும்வரை அது நல்ல நிகழ்தகவாக வேலை செய்கிறது. தொடர்ந்து தவறாகக் கணிப்பவரின் பணம் கரைந்து, சரியாகக் கணிப்பவரிடம் சேரும் என்பதால், அடிக்கடி நடந்து அடிக்கடி முடியும் ஒப்பந்தங்களில் அந்த நிலை வருவதற்கு வாய்ப்பு அதிகம். தினமும் தீர்வாகும் வானிலை ஒப்பந்தத்துக்கு அது பொருந்தும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தலுக்கு அவ்வளவு பொருந்தாது.

காலமும் விலையைக் கோணலாக்கும். ஓராண்டுக்குப் பிறகு முடிவு தெரியும் ஒப்பந்தம் ஒன்று, ‘ஆம்’ என்று முடிவது கிட்டத்தட்ட உறுதி என்று வைத்துக்கொள்வோம். வேறு இடத்தில் 4 சதவீத வட்டி கிடைக்கும்போது, ஓராண்டு கழித்து வரும் ஒரு டாலருக்கு இன்று 96 சென்ட்டுக்கு மேல் கொடுப்பது நட்டம். எனவே உறுதியான விஷயமும் 96-இல் நிற்கும், அதைப் பார்ப்பவர் நான்கு சதவீதம் சந்தேகம் இருப்பதாக நினைத்துக்கொள்வார். பூட்டிய பணத்துக்கு வட்டி தரும் தளங்களில் இந்தக் கோணல் குறைகிறது. மறுமுனையிலும் இதே சிக்கல் உண்டு. நடக்கவே வாய்ப்பில்லாத ஒரு நிகழ்வின் ‘ஆம்’ 3 சென்ட்டில் விற்றால், அதைக் கீழே தள்ள ஒருவர் ‘இல்லை’யை 97 சென்ட் கொடுத்து வாங்கி, 3 சென்ட் லாபத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யாரும் அந்த வேலைக்கு முந்துவதில்லை. ஆகவே 5 சென்ட்டுக்குக் கீழும் 95-க்கு மேலும் உள்ள விலைகளை, குறிப்பாகத் தேதி தொலைவில் இருக்கும்போது, அப்படியே சதவீதமாகப் படிப்பது தவறு.

பெரும்பணம் விலையை எவ்வளவு நகர்த்தும் என்பதற்கு இரண்டு தேர்தல்கள் நேரெதிரான பாடம் சொல்கின்றன. 2012-இல் அயர்லாந்திலிருந்து இயங்கிய இன்ட்ரேட் சந்தையில் ஒபாமாவின் விலை, பிரிட்டனின் பெட்ஃபேர் பந்தயச் சந்தையில் இருந்ததைவிடப் பல புள்ளிகள் கீழேயே நின்றது. ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் இரண்டு விலை என்றால், மலிவான இடத்தில் வாங்கி மற்ற இடத்தில் விற்று இடைவெளியை மூடியிருக்க வேண்டும். ஆனால் அமெரிக்கர்கள் பெட்ஃபேரில் ஆட முடியாது, இரண்டு தளங்களிலும் தனித்தனியே பணம் பூட்ட வேண்டும், இடைவெளி நீடித்தது. பின்னர் டேவிட் ராத்ஷைல்டும் ராஜீவ் சேதியும் இன்ட்ரேட்டின் பரிவர்த்தனைகளை ஆராய்ந்தபோது, கடைசி இரண்டு வாரங்களில் ராம்னி பக்கம் வந்த பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே ஆளுடையது என்று தெரிந்தது. அவர் இழந்தது சுமார் 40 லட்சம் டாலர். ராம்னி இன்னும் களத்தில் இருக்கிறார் என்று காட்ட நினைத்தாரா, உண்மையிலேயே நம்பினாரா என்பதைக் கணக்குகளால் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சந்தையின் விலை பலருடைய கூட்டு அறிவு என்று அன்று எழுதியவர்கள், பெருமளவு ஒரு மனிதரின் பணப்பையைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

2024-இல் பாலிமார்க்கெட்டில் நடந்தது இதன் மறுபக்கம். அக்டோபரில் கருத்துக்கணிப்பு அடிப்படையிலான மாதிரிகள் இரு வேட்பாளர்களையும் ஏறக்குறைய சமமாகக் காட்டியபோது, டிரம்பின் விலை 60 சென்ட்டைத் தாண்டியது. பல கணக்குகளின் பின்னால் பிரான்ஸ் நாட்டுக்காரர் ஒருவரே இருப்பது வெளியானது. 2012 திரும்புகிறது என்று பலர் எழுதினார்கள். அவரோ, தனக்கென ஒரு கருத்துக்கணிப்பு நடத்தச் செய்து, ‘நீங்கள் யாருக்கு வாக்களிப்பீர்கள்’ என்பதற்குப் பதிலாக ‘உங்கள் அண்டைவீட்டார் யாருக்கு வாக்களிப்பார்கள்’ என்று கேட்க வைத்ததாகப் பின்னர் சொன்னார். டிரம்ப் வென்றார், அந்த ஆளின் லாபம் 8 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. பெரும்பணம் வந்ததா என்பதை மட்டும் வைத்து விலை கெட்டதா, கூர்மையானதா என்று தீர்மானிக்க முடியாது என்பதே இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தெரிவது. ஒரு தேர்தலின் முடிவும் அதைத் தீர்மானிக்காது: 60 சென்ட் சரியான விலை என்றால், பத்தில் நான்கு முறை எதிர்ப்பக்கம் வெல்ல வேண்டும். சோதிக்க ஒரே வழி, 60 சென்ட்டில் நின்ற நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைச் சேர்த்து, அவற்றில் அறுபது சதவீதம் ‘ஆம்’ என்று முடிந்தனவா என்று எண்ணுவது.

இதைச் சூதாட்டம் என்பதா, நிதிச் சந்தை என்பதா என்ற கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடை தருகின்றன. அமெரிக்காவில் நாடாளுமன்றத்தின் கட்டுப்பாடு எந்தக் கட்சிக்கு என்ற கால்ஷியின் ஒப்பந்தங்களை ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் தடுத்தது. 2024 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் கால்ஷிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விளையாட்டு ஒப்பந்தங்களோ மாநிலங்களின் பந்தயச் சட்டங்களுக்கு உட்பட்டவை என்று நெவாடா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் வாதிடுகின்றன. இந்தியாவில் ‘கருத்து வணிகம்’ என்ற பெயரில் இவை பரவியபோது, இவை தன் ஒழுங்குமுறைக்குள் வருபவை அல்ல, முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு கிடையாது என்று செபி 2025 ஏப்ரலில் எச்சரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தபின் அந்தச் செயலிகள் பணம் வைத்து ஆடுவதை நிறுத்தின.

ஒப்பந்தத்தின் கடைசிக் கட்டம் தீர்வு, அதாவது விடை என்ன என்று அறிவிப்பது. பட்டியல், பணம் எல்லாம் ஒழுங்காக இருந்தும் விலை தடம் புரள்வது பெரும்பாலும் இங்கேதான். சென்ட்ரல் பூங்கா ஒப்பந்தம் தீர்வாவது தேசிய வானிலை சேவையின் தினசரி காலநிலை அறிக்கையை வைத்து. கைப்பேசிச் செயலி காட்டும் வெப்பநிலைக்கு அதில் இடமில்லை. அந்த அறிக்கையின் ‘நாள்’ கோடைக்கால நேரமாற்றத்தைக் கணக்கில் எடுக்காது. ஆகவே கோடையில் அது அதிகாலை ஒரு மணிக்குத் தொடங்கி மறுநாள் ஒரு மணிக்கு முடிகிறது. இதைத் தெரியாதவர் சரியாகக் கணித்தும் தோற்கலாம். அளவுகோல் இவ்வளவு தெளிவாக இல்லாதபோது சிக்கல் பெரிதாகிறது. உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி 2025 ஜூலைக்கு முன் சூட் அணிவாரா என்று பாலிமார்க்கெட்டில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஜூன் 24 அன்று தி ஹேக் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டுக்கு அவர் கருப்பு மேலங்கியும் அதற்கேற்ற கால்சட்டையும் அணிந்து வந்தார்; பல செய்தி நிறுவனங்கள் அதைச் சூட் என்றே எழுதின. அந்தத் தளத்தில் சர்ச்சைகளைத் தீர்ப்பவர்கள் யூஎம்ஏ என்ற கிரிப்டோ டோக்கனை வைத்திருப்பவர்கள். அவர்களின் வாக்குக்கு எடை, கையிலிருக்கும் டோக்கனின் அளவைப் பொறுத்தது. 20 கோடி டாலருக்கு மேல் வணிகமாகியிருந்த அந்த ஒப்பந்தத்தில், விவாதம் நடந்த நாட்கள் முழுவதும் விலை கணித்துக்கொண்டிருந்தது ஜெலென்ஸ்கியின் உடையை அல்ல, டோக்கன்காரர்களின் வாக்கை. ஜூலையில் ‘இல்லை’ என்று தீர்ப்பு வந்தது. ‘ஆம்’ வைத்திருந்தவர்களின் ஒப்பந்தங்கள் பூஜ்யமாயின, ‘இல்லை’க்காரர்களுக்கு முழு டாலரும் போனது.